முதல்முறை குழுத் தலைவரைத் தேர்ந்தெடுக்க: ஆறு கேள்விகளும் ஒரு மதிப்பெண் தாளும்

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு குழுவுக்குத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. வேலையில் யார் கெட்டிக்காரர் என்று எல்லோருக்கும் தெரியும். அவரையே கூப்பிட்டு அரை மணி நேரம் பேசினேன். பேச்சு இனிமையாகப் போனது, பதவியும் கொடுத்தாயிற்று. மூன்றாவது மாதம் பார்த்தால், கடினமான வேலை எல்லாம் அவர் மேசையில் குவிந்திருந்தது. மற்ற எட்டுப் பேரும் அவர் முடிக்கட்டும் என்று காத்திருந்தார்கள். அவர் மாறவே இல்லை. கையில் வந்த வேலையைத் தானே முடிப்பவராகத்தான் எப்போதும் இருந்தார். அதைப் பற்றி நான் அன்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

இது எனக்கு மட்டும் நேர்ந்த தவறில்லை. விற்பனைப் பணியாளர்களின் பதவி உயர்வை ஆராய்ந்து 2019இல் வெளியான ஒரு பொருளாதார ஆய்வு, நிறுவனங்கள் அதிகம் விற்பவர்களையே மேலாளர்களாக உயர்த்துகின்றன என்றும், அப்படி உயர்த்தப்பட்டவர்களின் கீழ் குழுவின் விற்பனை குறைவாக இருந்தது என்றும் காட்டியது. நல்ல மேலாளராக வருவார் என்பதைக் காட்டும் வேறு அறிகுறிகள் கண்ணுக்கு முன் இருந்தும், நிறுவனங்கள் அவற்றைவிட விற்பனை எண்ணிக்கைக்கே அதிக எடை கொடுத்திருக்கின்றன.

முதல்முறை தலைவரைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. அனுபவமுள்ள மேலாளரிடம் “நீங்கள் நடத்திய குழுவில் இப்படி நடந்தபோது என்ன செய்தீர்கள்?” என்று கேட்கலாம். இவர்களோ ஒரு குழுவையும் நடத்தியதில்லை. அதனால் பலர் “தலைமை என்றால் உங்களுக்கு என்ன?” என்ற வகைக் கேள்விகளுக்குப் போய்விடுகிறார்கள். நன்றாகப் பேசுபவர் அதில் வென்றுவிடுவார். தலைவர் செய்யும் வேலைகளின் சிறு வடிவம் பதவி இல்லாதவரின் அன்றாடத்திலும் இருக்கிறது. கேள்வி அதைத் தேடிப் போக வேண்டும். புதிதாகச் சேர்ந்தவருக்கு வேலை சொல்லிக்கொடுத்திருப்பார், விடுப்பில் போகும்போது வேலையைக் கைமாற்றியிருப்பார், பக்கத்து இருக்கைக்காரரின் தவறைப் பார்த்திருப்பார். அங்கே அவர் என்ன செய்தார் என்பதே நமக்கு வேண்டும்.

படி 1: அந்த இடத்தின் வேலையை எழுதுங்கள்

இப்போது அந்தப் பதவியில் இருப்பவரிடமோ அண்மையில் இருந்தவரிடமோ ஒரு மணி நேரம் பேசுங்கள். “என்னென்ன திறமை வேண்டும்?” என்று கேட்டால் நேர்மை, பொறுமை, தொடர்புத் திறன் என்று ஒரு பட்டியல்தான் வரும், அது எதற்கும் உதவாது. சம்பவங்களைக் கேளுங்கள். கடந்த ஆறு மாதங்களில் உங்களைத் தூங்கவிடாத ஐந்து நாட்கள் எவை? அன்று என்ன செய்தீர்கள்? எதைச் செய்திருக்கலாம்? ஜான் ஃபிளனகன் என்ற உளவியலாளர் 1954இல் இந்த முறையை விரிவாக எழுதினார். திறமையின் பெயரைவிடத் திறமை தேவைப்பட்ட தருணமே பயன்படும் என்பது அதன் சாரம்.

இந்தக் கட்டுரை முழுவதற்கும் ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் புகார்களைக் கவனிக்கும் ஒன்பது பேர் கொண்ட குழு. தலைவர் வேறு பிரிவுக்குப் போகிறார். உள்ளிருந்தே மூவர் விண்ணப்பித்திருக்கிறார்கள். போகிறவர் சொன்ன சம்பவங்களைத் தொகுத்தால் நான்கு பக்கங்கள் தெரிகின்றன: வேலையைப் பிறர் கையில் விடுவது, சங்கடமானதை முகத்துக்கு நேராகச் சொல்வது, எல்லாமே அவசரம் என்று வரும்போது எது முதலில் என்று முடிவெடுத்து மேலதிகாரியிடம் சொல்வது, தன்னைவிடக் குறைவாகத் தெரிந்தவரை வளர்ப்பது.

நான்கு போதும். எட்டு, பத்து என்று வைத்தால் கேட்பவருக்கு அவற்றைப் பிரித்தறிய முடியாது. ஒருவர் மேல் நல்ல எண்ணம் வந்துவிட்டால் எல்லாக் கட்டத்திலும் நல்ல மதிப்பெண்ணே விழும்.

போகிற தலைவர் இன்னொன்றையும் ஒப்புக்கொண்டார்: முக்கியமான புகார்களை எல்லாம் அவரே வைத்துக்கொண்டார், குழு பழகவில்லை. ஆகவே, மொத்த மதிப்பெண் ஏறத்தாழச் சமமாக வந்தால் முதல் பக்கத்தில், அதாவது வேலையைப் பிறர் கையில் விடுவதில், மேலாக இருப்பவரையே எடுப்பது என்று இப்போதே தாளில் எழுதி வைக்கிறோம். ஆட்களைப் பார்த்த பிறகு இந்த விதியை எழுதினால், ஏற்கெனவே பிடித்துப்போனவருக்கு ஏற்ற விதியாகத்தான் அது அமையும்.

படி 2: ஆறு கேள்விகள்

கேள்விகளில் இரண்டு வகை உண்டு. நடந்ததைக் கேட்பது ஒன்று; நடக்கக்கூடியதைச் சொல்லி என்ன செய்வீர்கள் என்று கேட்பது இன்னொன்று. முதலாவது அவர் செய்ததைக் காட்டும், இரண்டாவது அவருக்குத் தெரிந்ததைக் காட்டும். முதல்முறை ஆட்களுக்கு இரண்டும் தேவை. நம் குழுவுக்கு முதல் இரு பக்கங்கள் முக்கியம் என்பதால் அவற்றுக்கு இரண்டிரண்டு கேள்விகள், மற்றவற்றுக்கு ஒவ்வொன்று.

வேலையைப் பிறர் கையில் விடுவது:

1. நீங்களே செய்தால் விரைவாக முடியும் என்று தெரிந்தும் ஒரு வேலையை வேறொருவரிடம் கொடுத்த ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள். கொடுக்கும்போது என்ன சொன்னீர்கள்? நடுவில் என்ன செய்தீர்கள்?

2. நீங்கள் தலைவராகி ஒரு மாதம் ஆகிறது. நீங்கள் மட்டுமே நன்றாகக் கையாளத் தெரிந்த ஒரு சிக்கலான புகார் வருகிறது. நாளை மாலைக்குள் பதில் போக வேண்டும். குழுவில் ஒருவர் அதைக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறார். இன்னும் ஒருமுறைகூடச் செய்ததில்லை. என்ன செய்வீர்கள்?

சங்கடமானதைச் சொல்வது:

3. உங்களுக்குச் சமமான ஒருவர் செய்த தவறோ பழக்கமோ உங்கள் வேலையைப் பாதித்தபோது என்ன செய்தீர்கள்? முடிந்தவரை நீங்கள் சொன்ன வார்த்தைகளையே சொல்லுங்கள்.

4. நேற்றுவரை உங்களோடு சேர்ந்து சாப்பிட்ட நெருங்கிய நண்பர் இப்போது உங்கள் குழுவில் ஒருவர். இரண்டு வாரங்களாகத் தாமதமாக வருகிறார். மற்றவர்கள் கவனித்துவிட்டார்கள், யாரும் பேசவில்லை. என்ன செய்வீர்கள், எப்போது?

முன்னுரிமை:

5. இரண்டு பேருக்குக் கொடுத்த வாக்கை ஒரே நேரத்தில் காப்பாற்ற முடியாமல் போன ஒரு சந்தர்ப்பம். எதை விட்டீர்கள், யாரிடம் எப்போது சொன்னீர்கள்?

பிறரை வளர்ப்பது:

6. நீங்கள் சொல்லிக்கொடுத்து ஒருவர் ஒரு வேலையில் தேறிய சந்தர்ப்பம். தொடக்கத்தில் அவரால் எது முடியவில்லை, பிறகு எது முடிந்தது, உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

நான்காவது கேள்வியைத் தவறவிடாதீர்கள். உள்ளிருந்து உயர்கிறவருக்கு முதல் மாதத்திலேயே வரக்கூடிய சோதனை அது. இரண்டாவது கேள்வியிலும் கவனிக்க வேண்டியது உண்டு. “நானே செய்வேன்” என்பதும் தவறான விடை ஆகாது, “அவரிடம் கொடுத்துவிடுவேன்” என்பதும் சரியான விடை ஆகாது. இரண்டு பக்கமும் இழுக்கும் கேள்வியாக இருந்தால்தான் ஆளுக்கு ஆள் வேறுபாடு தெரியும். சரியான விடை கேள்வியிலேயே தெரிந்துவிட்டால் எல்லோரும் ஐந்து வாங்கிவிடுவார்கள்.

துணைக் கேள்விகளையும் முன்கூட்டியே எழுதி வையுங்கள். மூன்று போதும்: “அப்போது நீங்கள் தனிப்பட்ட முறையில் செய்தது என்ன?”, “சொன்ன வார்த்தைகள் என்ன?”, “பிறகு என்ன ஆனது?” முதல் கேள்வி மிக அவசியம். அடக்கத்தால் சிலர் எதைக் கேட்டாலும் “நாங்கள் செய்தோம்” என்பார்கள். வேறு சிலர் பிறர் செய்ததைச் சேர்த்துக்கொள்ள அதே “நாங்கள்” என்பதைப் பயன்படுத்துவார்கள். கேட்டால்தான் எது எது என்று பிரியும்.

படி 3: விடைகளைக் கேட்பதற்கு முன் அளவுகோலை எழுதுங்கள்

பெரும்பாலான மதிப்பெண் தாள்களில் 1 என்றால் மோசம், 3 என்றால் சராசரி, 5 என்றால் மிகச் சிறப்பு என்று இருக்கும். இப்படி எழுதுவதும் எழுதாமல் விடுவதும் ஒன்றே. உங்கள் “சிறப்பு” வேறு, உங்களோடு உட்காரும் இன்னொருவரின் “சிறப்பு” வேறு. ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே, காதால் கேட்கக்கூடிய ஒரு விடை இருக்க வேண்டும். 1, 3, 5 ஆகியவற்றுக்கு மட்டும் எழுதினால் போதும். 2, 4 இடைப்பட்ட விடைகளுக்கு.

முதல் கேள்விக்கு நாங்கள் எழுதியது:

| மதிப்பெண் | கேட்கும் விடை |
|---|---|
| 1 | அப்படி ஒரு சந்தர்ப்பமே சொல்லவில்லை. அல்லது கொடுத்துவிட்டு நடுவில் திரும்பப் பிடுங்கிக்கொண்டார். அல்லது தனக்குப் பிடிக்காத வேலையைத் தள்ளிவிட்டதையே உதாரணமாகச் சொல்கிறார். |
| 3 | வேலையைக் கொடுத்தார், எப்படிச் செய்வது என்று விளக்கினார். எது முடிந்தால் வேலை முடிந்தது என்பதைத் தெளிவாகச் சொல்லவில்லை, அல்லது இறுதியில்தான் பார்த்தார். |
| 5 | எதிர்பார்க்கும் முடிவைச் சொன்னார், செய்யும் வழியை அவரிடம் விட்டார், எப்போது பார்ப்போம் என்று முன்பே பேசி வைத்தார். தவறு வந்தபோது தானே திருத்தாமல் அவரைத் திருத்தவைத்தார். |

மூன்றாவது கேள்விக்கு:

| மதிப்பெண் | கேட்கும் விடை |
|---|---|
| 1 | பேசவில்லை, பொறுத்துக்கொண்டார். அல்லது சம்பந்தப்பட்டவரிடம் சொல்லாமல் மற்றவர்களிடமோ மேலதிகாரியிடமோ சொன்னார். |
| 3 | நேரில், தனியாகப் பேசினார். ஆனால் பொதுவாகச் சொன்னார், அல்லது நெடுநாள் கழித்துச் சொன்னார். |
| 5 | சில நாட்களுக்குள், தனியாக, குறிப்பிட்ட சம்பவத்தைச் சொன்னார். அதன் விளைவையும் சொன்னார். எதிராளியின் காரணத்தைக் கேட்டார். பிறகு மாறியதா என்று பார்த்தார். |

கவனித்துப் பாருங்கள்: “தன்னம்பிக்கையோடு பேசினார்”, “ஆர்வமாக இருந்தார்” என்று எங்கும் இல்லை. அவை நேர்காணல் அறையில் மட்டுமே தெரியும் குணங்கள். கூச்சத்தோடு, தடுமாறித் தடுமாறிச் சொன்னாலும், சொன்ன செயல் 5க்கு எதிரே இருந்தால் 5 கொடுத்தே ஆக வேண்டும்.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். இந்தத் தேர்வில் சம்பந்தமில்லாத ஓர் அனுபவமுள்ள தலைவரிடம் கேள்விகளைக் கேட்டு, இரண்டு பேர் தனித்தனியாக மதிப்பெண் போடுங்கள். ஒரே விடைக்கு 2, 5 என்று வந்தால் பிழை அளவுகோலில்தான். நான் எழுதிய முதல் தாளில் பாதிக் கேள்விகள் இந்தச் சோதனையில் விழுந்தன.

படி 4: அறைக்குள்

மூவருக்கும் அதே கேள்விகள், அதே வரிசை, அதே நேரம். ஆறு கேள்விகளுக்கு ஐம்பது நிமிடம் சரியாக இருக்கும். எல்லோரையும் ஒரே நாளில் அடுத்தடுத்துப் பாருங்கள். உள்ளாட்கள் என்பதால் கேள்விகள் மதிய உணவுக்குள் பரவிவிடும். பரவுவதைத் தடுக்க முடியாவிட்டால், மூவருக்கும் அரை மணி நேரம் முன்பாகக் கேள்விகளைக் கொடுத்துவிடுங்கள். நடந்ததைக் கேட்கும் கேள்விகளில் இதனால் நட்டம் இல்லை. பழைய சம்பவத்தை நினைவுக்குக் கொண்டுவர நேரம் கிடைப்பதால் விடை தெளிவாகவும் இருக்கும். நடக்கக்கூடியதைக் கேட்கும் இரண்டும் சற்றுக் கூர்மை இழக்கும்.

கேட்பவர்கள் இரண்டு பேர். ஒருவராவது விண்ணப்பித்தவர்களோடு தினமும் வேலை செய்யாதவராக இருக்க வேண்டும். தினமும் பார்க்கிறவருக்கு விடையைக் கேட்கும்போதே “இவர் எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியாதா” என்ற குரல் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். அந்த அறிவு வீணானதல்ல. அதை வருடாந்திர மதிப்பீடு போன்ற தனித் தாளில் வையுங்கள். நேர்காணல் மதிப்பெண்ணில் கலக்காதீர்கள்.

கேட்டதை எழுதுங்கள், நினைத்ததை எழுதாதீர்கள். “நல்ல பதில்” என்ற குறிப்பு மாலையில் எதையும் சொல்லாது. “விடுப்புக்கு முந்தின நாள் பட்டியல் கொடுத்தேன், புதன்கிழமை அழைக்கச் சொன்னேன்” என்ற குறிப்பு சொல்லும். ஒவ்வொருவரும் வெளியே போன உடனே, இரண்டு பேரும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளாமல் மதிப்பெண் போட வேண்டும். கதவு மூடியதும் “ரொம்ப நல்லாச் சொன்னார், இல்லையா?” என்று ஒருவர் ஆரம்பித்துவிட்டால் இரண்டாவது தாளுக்கு மதிப்பே இல்லை.

படி 5: எண்களைச் சேர்ப்பது

நம் மூவரை வேகக்காரர், அமைதிக்காரர், நேர்ப்பேச்சுக்காரர் என்று அழைப்போம். வேகக்காரர்தான் குழுவில் அதிகப் புகார்களை முடிப்பவர். வெளியே எல்லோரும் அவரைத்தான் எதிர்பார்த்தார்கள்.

வேகக்காரர் இரண்டாவது கேள்விக்கு நன்றாகவே சொன்னார்: கற்றுக்கொள்பவரைப் பக்கத்தில் உட்காரவைத்துச் செய்யவைப்பேன் என்றார். இருவரும் 3 கொடுத்தார்கள். முதல் கேள்வியில், பிறரிடம் கொடுத்த சம்பவமாக அவர் சொன்னது, தனக்கு அலுத்துப்போன மாத அறிக்கையைப் புதியவரிடம் தள்ளியது. அது அளவுகோலில் 1. இரண்டும் சேர்ந்து சராசரி 2. செய்ய வேண்டியது என்ன என்று அவருக்குத் தெரியும். செய்த பழக்கம் இல்லை. இப்படி இரண்டு வகைக் கேள்விகளும் முரண்படும்போது நான் நடந்ததன் பக்கமே சாய்வேன்.

அமைதிக்காரரின் மூன்றாவது விடையில் இருவரும் பிரிந்தார்கள். சக ஊழியர் ஒருவர் பதில் அனுப்பாமலேயே புகார்களை முடிந்ததாகக் குறித்துவந்தார். அமைதிக்காரர் அவரைத் தனியே அழைத்துப் பேசினார். ஒரு மதிப்பீட்டாளர் 4 கொடுத்தார், மற்றவர் 2. இங்கே 3 என்று சராசரி போட்டுவிட்டுப் போவது எளிது. இரண்டு எண்கள் இடைவெளி என்றால் குறிப்புகளுக்குத் திரும்ப வேண்டும் என்பது எங்கள் விதி. 4 கொடுத்தவரின் குறிப்பில் “தனியாக, மரியாதையாக” என்று இருந்தது. மற்றவரின் குறிப்பில் அவர் சொன்ன வார்த்தையே இருந்தது: “நாம் எல்லோருமே இதில் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும் என்றேன்.” தனியாகப் பேசினார், ஆனால் பொதுவாகச் சொன்னார். அளவுகோலில் 3க்கு எதிரே எழுதியிருப்பது அதுவேதான். இருவரும் 3க்கு வந்தார்கள். சராசரி போட்டிருந்தாலும் இதே எண் வந்திருக்கும் என்பது உண்மைதான். அடுத்த ஆளுக்கு அதே அளவுகோலை இருவரும் ஒரே மாதிரி படிப்பார்கள் என்ற உறுதி மட்டும் வந்திருக்காது.

| | பிறர் கையில் விடுவது | நேராகச் சொல்வது | முன்னுரிமை | வளர்ப்பது | மொத்தம் |
|---|---|---|---|---|---|
| வேகக்காரர் | 2 | 3 | 4 | 2 | 11 |
| அமைதிக்காரர் | 4 | 3 | 3 | 4 | 14 |
| நேர்ப்பேச்சுக்காரர் | 3 | 4.5 | 3 | 3 | 13.5 |

எந்தப் பக்கத்திலும் 2.5க்குக் கீழே போகக் கூடாது என்று முன்பே எழுதியிருந்தோம். ஒரு பக்கத்து உயரம் இன்னொரு பக்கத்துப் பள்ளத்தை மூடிவிடக் கூடாது என்பதற்காக. வேகக்காரர் இரண்டு இடங்களில் கீழே இருக்கிறார்.

மற்ற இருவருக்கும் இடையே அரை மதிப்பெண். இதை வெற்றி தோல்வி என்று படிக்காதீர்கள். இந்தக் கருவிக்கு அவ்வளவு நுட்பம் கிடையாது. பணித் தேர்வு முறைகளைப் பற்றிய ஆய்வுகளை 2022இல் மறுபடி தொகுத்துக் கணக்கிட்டபோது, இப்படி முன்கூட்டியே கட்டமைத்த நேர்காணலுக்கும் பின்னாளைய வேலைத் திறனுக்கும் உள்ள தொடர்பு ஏறத்தாழ 0.42 என்று வந்தது. வாய்க்கு வந்தபடி நடத்தும் நேர்காணலுக்கு 0.19. முழுமையான தொடர்பு என்றால் 1. ஆக, இருப்பவற்றில் இது நல்ல கருவி, ஆனாலும் இடைவெளி பெரிது. இருபதில் ஒரு மதிப்பெண்ணுக்குக் குறைவான வேறுபாட்டை நான் சமம் என்றே எடுத்துக்கொள்வேன். அப்போது முன்பே எழுதிய விதி வருகிறது: வேலையைப் பிறர் கையில் விடுவதில் மேலாக இருப்பவர். அமைதிக்காரர் 4, நேர்ப்பேச்சுக்காரர் 3. பதவி அமைதிக்காரருக்கு.

எங்கே தவறும், எப்படித் தெரியும்

எல்லோருக்கும் எல்லாவற்றிலும் 4 வந்திருந்தால், மதிப்பீட்டாளர்கள் அளவுகோலைப் பார்க்காமல் போட்டிருக்கிறார்கள், அல்லது கேள்விகள் எளிது. ஒருவருக்கு எல்லாப் பக்கத்திலும் ஒரே எண் என்றால் அவர் மேலான பொதுவான எண்ணமே அத்தனை கட்டங்களிலும் விழுந்திருக்கிறது. எட்வர்ட் தார்ன்டைக் என்ற உளவியலாளர் 1920லேயே இதைக் கவனித்து ஒளிவட்ட விளைவு என்று பெயரிட்டார். இதற்கு எளிய மருந்து, ஒரு ஆளின் ஆறு விடைகளை ஒரே மூச்சில் திருத்தாமல், முதல் கேள்விக்கு மூவரின் குறிப்புகளையும் அடுத்தடுத்துப் படித்து மதிப்பெண்ணைச் சரிபார்த்து, பிறகு அடுத்த கேள்விக்குப் போவது.

மொத்தம் தெரிந்த பிறகு யாராவது ஒரு தனி எண்ணை மாற்றச் சொன்னால், எந்தக் குறிப்பின் அடிப்படையில் என்று கேளுங்கள். குறிப்பு இல்லையென்றால் மாற்றக் கூடாது.

இந்தத் தாள் காட்டாத ஒன்றும் உண்டு: அவருக்கு இந்த வேலை பிடிக்குமா என்பது. அதற்கு மதிப்பெண் போட முடியாது. நேர்காணலுக்கு முன், தனியாக, உங்கள் பழைய வேலையில் பாதியை விட வேண்டியிருக்கும், நாளின் பெரும்பகுதி பிறர் வேலையைப் பற்றிய பேச்சாகப் போகும் என்று அப்பட்டமாகச் சொல்லிவிடுங்கள். சிலர் அங்கேயே விலகுவார்கள்.

முடிவை மூவருக்கும் அன்றே சொல்லுங்கள். வேகக்காரரிடம் மொத்த எண்ணைச் சொல்லிப் பயனில்லை. மற்றவர்களின் தாளை அவருக்குக் காட்டவும் கூடாது. முதல் கேள்வியின் அளவுகோலை அவர் முன் வைத்து, அவர் சொன்ன சம்பவத்தைப் படித்துக் காட்டினால், எது குறைந்தது என்று அவருக்கே தெரியும். பிறகு அடுத்த மூன்று மாதங்களுக்குப் புதிதாகச் சேர்ந்த ஒருவரை அவரிடம் ஒப்படைத்து, அந்த ஆளின் புகார்களில் அவர் கை வைக்காமல் இருக்கிறாரா என்று பாருங்கள். அடுத்த முறை அதே கேள்வியைக் கேட்கும்போது அவரிடம் வேறு சம்பவம் இருக்கும்.